முதல் தொழிலில் கைக்காசு எவ்வளவு, கடன் எவ்வளவு? ஒரு மரச்செக்கு கணக்கு

தொழில் தொடங்கப் போகிறவர் காதில் இரண்டு பேச்சு விழுகிறது. 'உங்கள் பங்கு 10 சதவீதம் போதும், மீதியை பேங்க் கொடுக்கும்' என்பது அரசுத் திட்டங்களின் துண்டுப் பிரசுரம். 'கடன் வாங்காமல் கையில் இருப்பதை வைத்து ஆரம்பி' என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. இரண்டில் எது சரி என்று கேட்டுக் குழம்புகிறார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். 10 சதவீதம் என்பது பேங்க் எதிர்பார்க்கும் குறைந்தபட்சப் பங்கு. அந்தத் தொழில் எவ்வளவு கடனைத் தாங்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடனே வேண்டாம் என்கிற யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது: அப்படித் தொடங்குகிற பலர் சில மாதங்களில் கடன் வாங்கத்தான் செய்கிறார்கள், அதுவும் மோசமான வட்டிக்கு.

விகிதத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத் தொழிலை அதில் பொருத்தப் பார்ப்பதுதான் சிக்கல். எந்தச் செலவுக்கு எந்தப் பணம் என்று பிரித்துப் போட்டால் விகிதம் தானாக வந்து நிற்கும். அதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு

திண்டிவனம் பக்கம் ஒருவர் வேலையை விட்டுவிட்டு மரச்செக்கு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு 9 லட்சம் ரூபாய். வீட்டில் கொஞ்சம் நகை இருக்கிறது. மாதக் குடும்பச் செலவு 25,000. இங்கே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

மோட்டாரோடு இரண்டு செக்கு 5 லட்சம். எண்ணெய் தெளிய வைக்கும் டிரம், ஃபில்டர், தராசு 1 லட்சம். மூன்று பேஸ் கரண்ட் இணைப்பும் வயரிங்கும் 1.2 லட்சம். ஷெட் அட்வான்ஸ் 60,000. உணவுப் பாதுகாப்பு உரிமம், லேபிள் இதர செலவுகள் 20,000. ஆக 8 லட்சம். இதற்கு மேல் ஓட்ட முதல் வேண்டும். அதாவது மூட்டையாகவும் பாட்டிலாகவும், கடைக்காரர் தர வேண்டிய பாக்கியாகவும் சுற்றிக்கொண்டே இருக்கும் பணம். தொழில் முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய ஒரு மாதத்துக்கான மணிலாப் பருப்பு 2.5 லட்சம், கடைகளில் நிற்கும் பாக்கி 1.5 லட்சம் என்று 4 லட்சம் பிடிக்கும். திட்ட மதிப்பு மொத்தம் 12 லட்சம்.

இனி ஒரு லிட்டர் எண்ணெய்க்கு வருவோம். ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம். பருப்பில் 42 சதவீதம் எண்ணெய் இறங்கினால் லிட்டருக்கு 2.17 கிலோ பருப்பு வேண்டும். கிலோ 110 என்றால் 238 ரூபாய். கிடைக்கும் 1.2 கிலோ புண்ணாக்கை 45-க்குக் கொடுத்தால் 54 ரூபாய் திரும்பி வரும். ஆக சரக்குச் செலவு 184, பாட்டிலுக்கு 11. கடைக்கு 270-க்குப் போட்டால் லிட்டருக்கு நிற்பது 75 ரூபாய்.

விற்றாலும் விற்காவிட்டாலும் மாதா மாதம் போகும் செலவு 45,000: வாடகை 9,000, இரண்டு ஆள் சம்பளம் 26,000, கரண்ட் 5,000, வண்டி 3,200, ஓட்ட முதலுக்காக வாங்கும் கடனின் வட்டி 1,800. கரண்ட் பில் ஓட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும்தான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே நிலையாக வைத்திருக்கிறேன். 45,000-ஐ 75-ஆல் வகுத்தால் 600 லிட்டர். அதுவரை விற்பதெல்லாம் ஷெட்டுக்கும் ஆட்களுக்கும் போய்விடும். அதற்கு மேல் 333 லிட்டர் விற்றால்தான் வீட்டுச் செலவு நடக்கும். கடன் தவணை அதற்கும் பிறகுதான்.

கடனை லிட்டரில் எண்ணுங்கள்

கடனை வட்டி சதவீதமாகவே பார்க்கும் பழக்கம் நமக்கு. 11 சதவீதம் என்றால் குறைவு, 24 சதவீதம் என்றால் அதிகம். ஆனால் தவணைத் தேதி அன்று சதவீதத்தைக் கட்ட முடியாது, ரூபாயைத்தான் கட்ட வேண்டும். அந்த ரூபாய் சரக்கு விற்றுத்தான் வர வேண்டும்.

11 சதவீதத்தில் 5 வருடத் தவணை என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் 2,174 ரூபாய். 75-ஆல் வகுத்தால் 29 லிட்டர். அதாவது கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும், ஐந்து வருடம் மாதம் 29 லிட்டர் அதிகமாக விற்பேன் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். தவணைக் கடன் 5.4 லட்சம் என்றால் மாதம் 11,740 ரூபாய், 157 லிட்டர்.

அதே லட்சத்தை வெளியே 'இரண்டு வட்டி'க்கு வாங்கினால் மாதம் 2,000. கிட்டத்தட்ட பேங்க் தவணை அளவுதான் என்பதால் பலருக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஐந்தாம் வருட முடிவில் பேங்க் கடன் தீர்ந்திருக்கும். இரண்டு வட்டிக்காரருக்கு 1.2 லட்சம் கட்டியிருப்பீர்கள், வாங்கிய லட்சம் அப்படியே நிற்கும்.

பருப்பு விலை ஏறும்போது நடப்பதையும் இதே அளவுகோலில் பார்க்கலாம். கிலோ 110-லிருந்து 125 ஆகிறது. கடைக்காரர் 'இந்த மாசம் பழைய விலைக்கே போடுங்க, அடுத்த மாசம் பார்க்கலாம்' என்கிறார். லிட்டருக்கு 75 நின்ற இடத்தில் இப்போது 42 ரூபாய்தான். ஒரு லட்சம் கடனுக்கு 29 லிட்டர் என்றிருந்தது 52 ஆகிவிடுகிறது. பேங்க் தவணை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, ஆனால் அதன் கனம் ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. கைக்காசுக்கு இந்தக் குணம் கிடையாது. மோசமான மாதத்தில் அது எதையும் கேட்காது. இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான்.

ஆரம்பப் பள்ளம்

ப்ராஜக்ட் ரிப்போர்ட்டில் வழக்கமாக இல்லாத ஒரு செலவு உண்டு. விற்பனை நிலைக்கு வரும்வரை மாதா மாதம் ஏற்படும் குறை. அதைப் பள்ளம் என்று சொல்வோம்.

முதல் மாதம் 250 லிட்டர், அடுத்து 350, 500, 600, 700, 800, 900, 1,000 என்று ஏறி ஒன்பதாம் மாதம் 1,100 லிட்டரை எட்டுகிறது என்று வைப்போம். மாதம் வேண்டியது ஷெட்டுக்கும் வீட்டுக்கும் சேர்த்து 70,000. முதல் மாதம் நிற்பது 18,750, குறை 51,250. இரண்டாம் மாதம் குறை 43,750. ஏழாம் மாதம் வரை குறை இருந்துகொண்டே இருக்கும். கூட்டினால் 1,82,500 ரூபாய்.

இதில் கடன் இன்னும் வரவில்லை. பேங்க் ஆறு மாதம் தவணை விடுப்பு (மாரட்டோரியம்) கொடுத்தாலும், வழக்கமாக வட்டியை மாதா மாதம் கட்டச் சொல்லும். 5.4 லட்சத்துக்கு மாதம் 4,950, ஆறு மாதத்துக்கு 29,700. ஏழாம் மாதத்திலிருந்து முழுத் தவணை. ஏழாம் எட்டாம் மாதங்களின் குறையையும் சேர்த்தால் பள்ளத்தின் ஆழம் 2.3 லட்சம். ஒன்பதாம் மாதத்தில்தான் முதல் முறையாக எல்லாம் போக 760 ரூபாய் மிஞ்சுகிறது.

இது திட்டப்படி நடந்தால். முதல் தொழிலில் விற்பனை திட்டப்படி ஏறும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. இதே அளவை எட்ட ஒன்றரை மடங்கு காலம் பிடித்தால் பள்ளம் 3.7 லட்சத்தை நெருங்கும்.

இந்தப் பள்ளத்தை அடைக்க எந்த பேங்க்கும் கடன் தராது. செக்குக்குத் தரும், மூட்டைக்குத் தரும். விற்காத மாதத்தின் வாடகைக்கும் வீட்டு மளிகைக்கும் தொழில் கடன் என்று ஒன்று இல்லை. ஆகவே சேமிப்பின் முதல் வேலை இதுதான்.

கடனில்லாமல் தொடங்கினால் என்ன ஆகும்

இவர் 9 லட்சத்தில் 8 லட்சத்துக்குச் செக்கும் ஷெட்டும் போட்டுவிடுகிறார். கையில் 1 லட்சம். தவணை இல்லை என்கிற நிம்மதி இருக்கிறது. ஆனால் ஓட்ட முதல் கடனின் வட்டியைக் கழித்தாலும் முதல் மூன்று மாதக் குறை மட்டும் 1,22,100. அந்த ஒரு லட்சத்தில்தான் மூட்டையும் வாங்க வேண்டும், கடைகளுக்குப் பாக்கியும் விட வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே மூட்டை வாங்கக் காசு இருக்காது.

அப்போது பேங்குக்குப் போனால் என்ன சொல்வார்கள்? செக்கு வாங்குவதற்கு முன் கொட்டேஷனோடு வந்திருந்தால் கடன் கொடுத்திருப்போம் என்பார்கள். தவணைக் கடன் பொதுவாக வாங்கப் போகும் இயந்திரத்துக்குத்தான். பணம் நேராக இயந்திரம் விற்பவருக்குப் போகும். வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் செக்கின் மேல் கடன் கிடைப்பது கடினம். 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தின் மானியத்துக்கும், முதல் கடன் என்றால், புது யூனிட்தான் தகுதி. தொடங்கிவிட்டுப் போனால் அந்தக் கதவும் மூடியிருக்கும். மிச்சம் இருப்பது நகை, அதன் பிறகு தண்டல்.

ஆகக் கடனை அவர் தவிர்க்கவில்லை. பேரம் பேசும் நிலையில் இருந்தபோது வாங்காமல், பேச முடியாத நிலைக்கு வந்தபின் வாங்குகிறார்.

பணத்தைப் பிரிக்கும் வரிசை

1. முதலில் பள்ளத்துக்கு ஒதுக்குங்கள். மெதுவான கணக்கையே எடுங்கள்: 3.7 லட்சம். இது தொழில் கணக்கில் வேண்டாம், வீட்டுப் பெயரில் டெபாசிட்டாக இருக்கட்டும்.

2. அடுத்து, பேங்க் கொடுக்கத் தயங்கும் செலவுகள். ஷெட் அட்வான்ஸ், உரிமம், லேபிள். 80,000 ரூபாய். கைக்காசு.

3. இயந்திரமும் கரண்ட் வேலையும் 7.2 லட்சம். இதில் 25 சதவீதம், அதாவது 1.8 லட்சம், நம் பங்கு (மார்ஜின்). 5.4 லட்சம் தவணைக் கடன். ஐந்து வருடம் உழைக்கும் பொருளுக்கு ஐந்து வருடக் கடன். பொருள் இருக்கும் காலமும் கடன் இருக்கும் காலமும் ஒத்துப் போக வேண்டும்.

4. ஓட்ட முதல் 4 லட்சம். 2 லட்சம் கைக்காசு, 2 லட்சம் கேஷ் கிரெடிட், பேச்சு வழக்கில் சிசி. எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. ஆண்டு விற்பனை மதிப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் சிறுதொழிலுக்கு ஓட்ட முதல் கடனாகக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி வழியாக வந்த நடைமுறை. இந்தக் கணக்கில் முழு வேகத்தில் ஆண்டு விற்பனை புண்ணாக்கோடு சேர்த்து 42 லட்சத்தைத் தாண்டுவதால், கணக்குப்படி 8 லட்சம்கூடக் கேட்கலாம். தேவை 4 லட்சம்தான். கிடைக்கிறதே என்று லிமிட்டை ஏற்றினால் அந்தப் பணம் மூட்டையில் நிற்காமல் பைக்கிலோ கிரகப்பிரவேசத்திலோ போய் நிற்கும்.

கூட்டிப் பாருங்கள். தொழிலுக்குள் போகும் கைக்காசு 4.6 லட்சம், கடன் 7.4 லட்சம். ஒரு ரூபாய் கைக்காசுக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா கடன். வெளியே 3.7 லட்சம் காவலாக நிற்கிறது, 70,000 மிஞ்சுகிறது. நகை தொடப்படவில்லை.

டெபாசிட்டில் 7 சதவீதம் வாங்கிக்கொண்டு கடனுக்கு 11 சதவீதம் கட்டுவது முட்டாள்தனம் இல்லையா என்று கேட்கலாம். வெளியே நிற்கும் 4.4 லட்சத்துக்கு 4 சதவீத வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 17,600. மாதத்துக்கு 20 லிட்டர். பள்ளம் ஆழமானால் இரண்டு வட்டிக்கு ஓடாமல் இருக்கக் கட்டும் பிரீமியம் அது. அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. விற்பனை நிலைத்த பிறகு அந்த டெபாசிட்டால் கடனைக் குறைத்துக்கொள்ளலாம். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்று மட்டும் அனுமதிக் கடிதத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேமிப்பு 9 லட்சம் இல்லை, 5 லட்சம்தான் என்றால்? கடனை ஏற்றிச் சமாளிக்க நினைப்பார்கள். முதல் ஆண்டு இரண்டு செக்குக்கும் வேலை இருக்காது என்பதே முன்னால் பார்த்த ஏற்றத்தின் பொருள். ஒரு செக்கு, ஒரு ஆள், சின்ன ஷெட் என்று மாதச் செலவை இறக்கினால் பள்ளமே சுருங்கிவிடும். குறைக்க வேண்டியது கைக்காசுப் பங்கை அல்ல, தொழிலின் அளவை.

பேங்க் பார்க்கும் கணக்கும் வீட்டுக் கணக்கும்

கடன் கொடுக்கும் முன் பேங்க் ஒரு விகிதம் பார்க்கும். தவணை கட்டக் கிடைக்கும் பணம், கட்ட வேண்டிய தவணையைப் போல எத்தனை மடங்கு என்று. டிஎஸ்சிஆர் என்பார்கள். 1.5 இருந்தால் நல்லது என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மாதம் 1,100 லிட்டரில் 82,500 நிற்கும். செலவு 45,000 போக 37,500. தவணை 11,740. விகிதம் 3.2. ஆடிட்டர் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுவார்.

ஆனால் வீட்டுக்கு 25,000 எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு மிஞ்சுவது 12,500. இப்போது விகிதம் 1.06. அதாவது பேங்க் ஃபைலில் மூன்று மடங்கு பாதுகாப்பாகத் தெரிகிற கடன், வீட்டுக் கணக்கில் நூலிழையில் நிற்கிறது. விற்பனை 900 லிட்டருக்கு இறங்கிய மாதத்தில் வீட்டுச் செலவுக்கே 2,500 துண்டு விழும், தவணையோடு சேர்த்து 14,240. மனைவியோ கணவரோ வேறு வேலையில் சம்பளம் வாங்குகிறார் என்றால் படம் அப்படியே மாறிவிடும். ஒரே தொழில், ஒரே கடன், ஒரு வீட்டுக்குத் தாங்கும், இன்னொரு வீட்டுக்குத் தாங்காது. ஃபைலில் உள்ள விகிதத்தை நம்பாமல் குடும்பச் செலவைக் கழித்து நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

மானியத்தை எங்கே வைப்பது

மேலே சொன்ன பிரதமர் திட்டத்தில், 2022-இல் திருத்திய விதிப்படி, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். பொதுப் பிரிவினர் தம் பங்காக 10 சதவீதம் போட வேண்டும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 5 சதவீதம். கிராமப்புறத்தில் மானியம் முறையே 25, 35 சதவீதம். 12 லட்சத்துக்கு 25 சதவீதம் என்றால் 3 லட்சம்.

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அந்த 3 லட்சம் கையில் வராது. பேங்கில் உங்கள் கடன் கணக்கை ஒட்டி டெபாசிட்டாக மூன்று வருடம் கிடக்கும். அந்த அளவுத் தொகைக்குக் கடன் வட்டி இல்லை என்பது லாபம்தான். யூனிட் ஓடுகிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே கடனில் கழியும். பள்ளம் வருவதோ முதல் எட்டு மாதத்தில். அதனால் மானியத்தை நம்பிக் காவல் பணத்தைக் குறைக்க முடியாது.

இன்னொரு தவறான நம்பிக்கை, சொத்து ஜாமீன் இல்லாமல் வாங்கும் கடனைப் பற்றியது. 2000-இல் தொடங்கிய கடன் உத்தரவாத அறக்கட்டளை வழியாகக் கிடைக்கும் கடனை, 'போனால் அரசாங்கம் கட்டிவிடும்' என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த உத்தரவாதம் பேங்குக்கானது. கடனாளியின் பொறுப்பு அப்படியே இருக்கும். தனி ஆளாக நடத்தும் தொழிலில் தொழிலின் கடனும் உங்கள் சொந்தக் கடனும் ஒன்றுதான், நடுவில் சுவர் கிடையாது.

கடன் கூடிவிட்டது என்று எப்படித் தெரியும்

பேங்கிலிருந்து கடிதம் வரும் முன்பே தெரியும். முதல் அடையாளம் சிசி கணக்கு. ஆரோக்கியமான கணக்கில் மூட்டை வாங்கும் வாரம் பாக்கி ஏறும், கடை வசூல் வரும்போது இறங்கும். மாதம் முழுக்க லிமிட்டை ஒட்டியே நின்றால் அந்த 2 லட்சம் சரக்காக இல்லை, நஷ்டமாக மாறிவிட்டது என்று பொருள். மூட்டையை எண்ணி, கடைப் பாக்கியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து சிசி பாக்கிக்கு மேல் இருக்க வேண்டும். மாதம் ஒரு நாள் இதைச் செய்தால் போதும்.

இரண்டாவது, தவணையைச் சிசியிலிருந்து எடுத்துக் கட்டுவது. ஒரு கடனை இன்னொரு கடனால் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். மூன்றாவது, மண்டிக்காரரிடம் 'அடுத்த வாரம்' சொல்ல ஆரம்பிப்பது. ரொக்கத்துக்கு வாங்குகிற விலை போய்விடும், கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் ஏறும். ஒரு லிட்டருக்கு 2.17 கிலோ என்பதால் அது லிட்டருக்கு ஆறரை ரூபாய் வரை அரித்துவிடும்.

தவணை தவறினால் 30 நாள், 60 நாள் என்று பேங்க் தனித்தனிப் பட்டியலில் குறித்துக்கொண்டே வரும். 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். தவணையை மாற்றி அமைக்கப் பேச வேண்டியது முதல் தவணை தவறுவதற்கு முன். வெளியே இருக்கும் டெபாசிட் பாதியாகக் கரைந்த மாதமே மேனேஜரைப் பார்க்கும் மாதம்.

செக்கு போடும் முன்பே தெரிந்துகொள்ளக்கூடியது

இந்தக் கணக்கு முழுவதும் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: முதல் மாதம் 250 லிட்டர், ஒன்பதாம் மாதம் 1,100. அதைச் சோதிக்க ஷெட் தேவையில்லை. மூன்று மூட்டை பருப்பில் தொடங்கி, தேவைக்கேற்ப வாங்கி, ஊரில் ஓடும் செக்கில் ஆட்டுக்கூலி கொடுத்து ஆட்டி, வேலையில் இருந்துகொண்டே மூன்று நான்கு மாதம் விற்கலாம். விற்கிறவரும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும், சின்ன அளவுக்கு அதற்குப் பெரிய செலவில்லை. லாபம் நிற்காது, கூலியிலேயே போய்விடும். அதில் பார்க்க வேண்டியது ஒரே எண்தான்: முதல் பாட்டில் வாங்கிய வீடுகளில் எத்தனை வீடு, நீங்கள் போன் செய்யாமலே இரண்டாம் பாட்டிலுக்கு வந்தது. சொந்தக்காரர்களையும் ஆபீஸ் நண்பர்களையும் கழித்துவிட்டு எண்ணுங்கள். நான்காம் மாதம் அப்படித் திரும்பி வரும் வீடுகளுக்குப் போகும் எண்ணெய் 150 லிட்டர்கூடத் தாண்டவில்லை என்றால் மேலே போட்ட பள்ளம் 3.7 லட்சத்தோடு நிற்காது, கொட்டேஷன் வாங்கும் முன் ஒரு செக்காகக் குறைக்க வேண்டிய இடம் அது.